வருந்துகிறோம் என்று எழுதினால் போதுமா?

எங்கள் லிங்கராஜபுரத்தில் சாலையைத் தோண்டினால் ஒரு பலகை வைப்பார்கள். இடைஞ்சலுக்கு வருந்துகிறோம் என்று அதில் இருக்கும். ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானால் ஒலிபெருக்கியும் வருந்தும். நம்மவர்களில் பலர் அலுவலக ஆங்கிலத்தை இந்தப் பலகைகளிடமிருந்தே கற்றுக்கொண்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மின்னஞ்சலில் எது தவறினாலும் 'ரிக்ரெட்' என்று ஒரு வரி போட்டுவிட்டு நிம்மதி அடைந்துவிடுகிறார்கள்.

நான் வேலையில் இருந்த காலம் முழுவதும் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் கழிந்தது. சரக்கு அனுப்புகிறவர்கள் எழுதும் கடிதங்களைப் படித்துப் படித்து, எது மன்னிப்பு, எது வருத்தம், எது வெறும் விளக்கம் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும் பழக்கம் வந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழக்கத்துக்கு வேலை இருக்காது என்று நினைத்திருந்தேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் தம்பி ஒருவர் ஒரு நாள் மாலை செல்போனும் கையுமாக வந்து நின்றார்.

அவர் ஓசூரில் உள்ள ஒரு கம்பெனிக்கு 1,800 பெட்டிகள் அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு பெட்டியிலும் பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகள், நீளவாட்டில் நான்கு, அகலவாட்டில் மூன்று என்று வைக்க வேண்டும். ஜாடியின் குறுக்களவு 98 மில்லிமீட்டர். நான்கு ஜாடிக்கு 392 வேண்டும். ஆகவே பெட்டியின் உள்ளளவு 400க்கு 300 என்று ஆர்டரில் எழுதி, பக்கத்தில் 'ஐ.டி.' என்று இரண்டெழுத்தும் போட்டிருக்கிறார்கள். பெட்டித் தொழிலில் அதற்கு உள்ளளவு என்று பொருள். தம்பியின் பட்டறையில் அந்த இரண்டெழுத்தை யாரும் பார்க்கவில்லை. 400 என்பதை வெளியளவாக எடுத்துக்கொண்டு வெட்டிவிட்டார்கள். ஐந்தடுக்கு அட்டையின் கனம் ஆறரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் பதின்மூன்று போய்விடும். உள்ளே மிஞ்சியது 387. நான்காவது ஜாடி இறங்கவில்லை. அங்கே பேக்கிங் லைன் நின்றுவிட்டது.

உடனே தம்பி ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அதைத் தமிழில் தருகிறேன்:

'தங்களுக்கு ஏதேனும் இடைஞ்சல் ஏற்பட்டிருந்தால் மிகவும் வருந்துகிறோம். எங்கள் கட்டிங் மாஸ்டர் அன்று விடுப்பில் இருந்தார். இரண்டு நாட்களாக மின்தடையும் இருந்தது. தங்கள் டிராயிங்கில் உள்ளளவா வெளியளவா என்பது தெளிவாக இல்லை. இனி இவ்வாறு நேராமல் பார்த்துக்கொள்கிறோம்.'

வந்த பதில் சுருக்கமானது. ஆர்டரின் நகலை இணைத்து, 'ஐ.டி.' என்ற இரண்டெழுத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, லைன் நின்ற செலவுக்கு டெபிட் நோட் வரும் என்று எழுதியிருந்தார்கள்.

"அங்கிள், நான்தான் வருத்தம் சொல்லிட்டேனே, அப்புறம் ஏன் இவ்வளவு கோபம்?" என்றார் தம்பி.

கோபம் வராமல் என்ன செய்யும்? லைன் நின்றுபோனவரிடம் 'இடைஞ்சல் ஏற்பட்டிருந்தால்' என்கிறார். ஏற்பட்டதா இல்லையா என்பதே இன்னும் தீரவில்லை என்பது போல இருக்கிறது. அடுத்து 'வருந்துகிறோம்'. அதைப் பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லலாம். பிறகு விடுப்பு, மின்தடை. பெட்டி 13 மில்லிமீட்டர் குறைந்ததற்கும் மின்தடைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. கடைசியில் குற்றம் டிராயிங்கின் தலையில் விழுகிறது. இத்தனை வரியில் 'நாங்கள் தவறாக வெட்டினோம்' என்ற ஒரு வாக்கியம் மட்டும் இல்லை. திரும்ப எப்போது பெட்டி வரும் என்பதும் இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டவை அந்த இரண்டும்தான்.

ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு பிடிபடவில்லை என்றால் தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்க்கலாம். சின்ன வயதில் டம்ளர் உடைந்தபோது அம்மாவிடம் என்ன சொன்னோம்? "உடைஞ்சு போச்சும்மா" என்றோம். "உடைச்சிட்டேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று! உடைந்தது, குறைந்தது, தாமதமானது என்ற வினைகளில் செய்தவன் தென்படுவதில்லை. உடைத்தேன், குறைத்தேன், தாமதித்தேன் என்றால் ஆள் வந்து நிற்கிறான். மன்னிப்புக்கு இந்த இரண்டாவது வகை வினை வேண்டும். வருத்தத்துக்கு முதல் வகையே போதும். கன்னடத்திலும் 'க்ஷமிஸி' என்று கேட்பது ஒன்று, 'விஷாதிசுத்தேவெ' என்று அறிவிப்பது வேறொன்று. பெங்களூரில் இருக்கும் நமக்கு அது காதில் விழாமல் இருக்காது.

இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு உச்ச நீதிமன்றத்தில் 2019ஆம் ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கட்சி அரசியலை ஒதுக்கிவிட்டுச் சொற்களை மட்டும் பாருங்கள். ரஃபேல் வழக்கில் நீதிமன்றம் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகத் தேர்தல் நேரத்தில் பேசியதற்காக ராகுல் காந்தி மீது அவமதிப்பு மனு வந்தது. ஏப்ரல் மாதம் அவர் தாக்கல் செய்த முதல் பதிலில், பிரசாரச் சூட்டில் பேசியது என்ற விளக்கமும் வருத்தமும் இருந்தன. இரண்டாவது பதிலில் வருத்தம் என்ற சொல் அடைப்புக்குறிக்குள் இருந்தது. அடைப்புக்குறிக்குள் போட்டால் என்ன பொருள் என்று நீதிபதிகள் கேட்டார்கள். வருத்தமும் மன்னிப்பும் ஒன்றுதான் என்று வழக்கறிஞர் வாதாடிப் பார்த்தார். அது எடுபடவில்லை. மே 8ஆம் தேதி மூன்றாவதாக, நிபந்தனையற்ற மன்னிப்பு என்று எழுதிக் கொடுத்தார். நவம்பர் மாதம், இனி கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் விவகாரத்தை முடித்துக்கொண்டது. முதல் தாளிலேயே முடிந்திருக்க வேண்டியது மூன்றாவது தாள் வரை போனது.

தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். இருவருமாக உட்கார்ந்து இப்படி எழுதினோம்:

'ஆர்டரில் உள்ளளவு 400க்கு 300 என்று இருந்ததை நாங்கள் வெளியளவாகக் கொண்டு வெட்டிவிட்டோம். தவறு எங்களுடையது. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். டிராயிங் தெளிவாக இல்லை என்று நேற்று எழுதியதும் சரியன்று. அதைத் திரும்பப் பெறுகிறோம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் 600 பெட்டிகளும், திங்கள் மதியத்துக்குள் மீதி 1,200ம் எங்கள் செலவில் வந்து சேரும். நாளைக் காலை 8 மணிக்கு எங்கள் வண்டி வந்து பழைய பெட்டிகளை ஏற்றிக்கொள்ளும். லைன் நின்ற செலவின் கணக்கை அனுப்பினால் பார்த்துவிட்டுப் பேசுகிறோம்.'

இதில் 'மிகவும்', 'ஆழ்ந்த' எதுவும் இல்லை. மன்னிப்பு ஒரே ஒரு முறை வருகிறது. ஏன் அப்படி வெட்டினார்கள் என்ற விளக்கமும் இல்லை. தம்பிக்கு அது குறையாகப் பட்டது. கட்டிங் மாஸ்டர் ஊரில் இல்லாதது உண்மைதானே என்றார். உண்மைதான். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு படிப்பவர் என்ன செய்யப் போகிறார்? ஒன்றும் செய்ய முடியாத தகவல் அந்த மின்னஞ்சலில் சாக்காகத்தான் தெரியும். இரண்டு நாள் கழித்து அந்தக் கம்பெனியே, தவறு எப்படி நேர்ந்தது, மறுபடி நேராமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று ஒரு படிவம் அனுப்பியது. பெரிய கம்பெனிகளில் அது வழக்கம். கட்டிங் மாஸ்டர் விடுப்பு அங்கே போனது. மாற்று ஆள் ஆர்டர் தாளைப் பார்க்காமல் பழைய அளவுச் சீட்டைப் பார்த்தார், இனி முதல் பெட்டியின் உள்ளே டேப் வைத்து அளந்து கையெழுத்திட்ட பிறகே மற்றவை வெட்டப்படும் என்று எழுதினோம். கேட்ட இடத்தில் சொன்னபோது அதே செய்திக்கு மதிப்பு வந்தது.

கடைசி வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்டால் பணத்துக்கு மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது முழுக்க வீண் பயம் அல்ல. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா 2006லும் ஒன்டாரியோ 2009லும், மன்னிப்புக் கேட்டதையே பொறுப்பை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது என்று சட்டம் செய்துவிட்டன. அங்குள்ள நம் பிள்ளைகள் கொஞ்சம் தைரியமாக எழுதலாம். நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. மின்னஞ்சலும் சாட்சியமாக ஏற்கப்படும். ஆகவே தெரிந்த தவறை ஒப்புக்கொள்வது வேறு, பார்க்காத கணக்கை ஒப்புக்கொள்வது வேறு. 'எல்லா நஷ்டத்தையும் ஏற்கிறோம்' என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதாமல் தொகையைத் தனியே வைத்தது அதற்காகத்தான். ஆள் காயம்பட்டது, பெருந்தொகை போன்ற விஷயமென்றால் அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

டெபிட் நோட் வராமல் இல்லை, வந்தது. கணக்கைப் பார்த்துப் பேசியதில் கொஞ்சம் குறைந்தது. அடுத்த மாத ஆர்டரும் வந்தது.

இதே தம்பி இதற்கு முன் ஒரு முறை நேர்மாறாகச் செய்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. 2023 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினைக்காக 26ஆம் தேதி பெங்களூரு பந்த், 29ஆம் தேதி கர்நாடக பந்த் நடந்ததல்லவா? 26ஆம் தேதி போக வேண்டிய லோடு போகவில்லை. அதற்கு இவர், 'எங்கள் தாமதத்துக்கு மன்னியுங்கள், தவறு எங்களுடையது' என்று எழுதியிருக்கிறார். பந்தை இவரா நடத்தினார்? அந்த மின்னஞ்சலைச் சான்றாக வைத்துத் தாமதத்துக்கு என்று பில்லில் பிடித்துக்கொண்டார்கள். அங்கேதான் 'வருந்துகிறோம்' பொருத்தமான சொல். விளக்கமும் அங்கே முதல் வரியில் வரலாம். பந்த் என்பதால் இன்று வண்டி ஓடாது, நாளைக் காலை 10 மணிக்குள் சரக்கு வரும், லோடு ஏறுவதில் உங்களுக்கு இடைஞ்சல் நேர்வதற்கு வருந்துகிறோம் என்றால் போதும். அந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டால் ஓசூர்க்காரர் அன்றைய பேக்கிங்கை மாற்றி வைத்துக்கொள்ள முடியும். அதுபோல விலை குறைத்துக் கேட்டு, நம்மால் முடியாது என்று மறுக்கும்போதும் வருத்தம்தான் உரியது. கட்டுப்படியாகாத விலைக்கு முடியாது என்று சொல்வதில் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது?

சென்ற வாரம் அவர் மறுபடி வந்தார். காகித விலை ஏறிவிட்டது, பழைய விலைக்குத் தர இயலாது என்று எழுதி எடுத்து வந்திருந்தார். கடைசியில் 'மன்னிக்கவும்' என்று இருந்ததை நான் அடித்துவிட்டு 'வருந்துகிறோம்' என்று போட்டேன்.

"என்ன அங்கிள், அன்னைக்கு வருந்தக் கூடாதுன்னீங்க!" என்று சிரித்துக்கொண்டே 'அனுப்பு' பொத்தானை அழுத்தினார்.