பெயரை மாற்றிப் பாருங்கள்

எதிர்வீட்டுப் பெண் 'தி பான்யன்' அமைப்புக்கு எழுதிய வேலைக் கடிதத்தைக் காட்டினாள். "தங்கள் உயரிய நோக்கமும் என் விழுமியங்களும் ஒன்றே" என்று ஆரம்பம். அமைப்பின் பெயரை அடித்துவிட்டு ஒரு பசுமடத்தின் பெயரைப் போட்டேன். ஒரு வரிகூட இடறவில்லை! மாதிரிக் கடிதப் புத்தகங்கள் செய்த புண்ணியம்.

1993-ல் சென்னையில் தொடங்கிய பான்யன், மனநோயோடு தெருவில் அலையும் பெண்களுக்கு இடமும் சிகிச்சையும் தருகிறது. தேறியவர்களை வீடு சேர்க்கவும் பாடுபடுகிறது. பல மாநிலத்துப் பெண்கள். ஊர்ப் பெயரைக் கேட்டு வாங்குவதே பெரும்பாடு.

"ஏனம்மா அங்கே?" என்று துருவினேன். ரங்கநாதன் தெருவில் தெலுங்கில் புலம்பிய ஒருத்தியோடு அரைமணி நேரம் உட்கார்ந்தாளாம். ஊர்ப் பெயர் கிடைத்ததாம். மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வந்துவிட்டாளாம்.

இதையல்லவா எழுத வேண்டும்! தெலுங்கு தெரியும், பொறுமை உண்டு என்பது தானே விளங்குகிறது. "தெரியாமல் வந்துவிட்டேன்" என்பதை அடிக்கப் பார்த்தாள், நான் விடவில்லை. அவள் ஏன் அங்கே போகிறாள் என்பதற்கு அந்த வரிதான் சாட்சி.

இப்படி அனுபவம் இல்லாதவர் உருக்கத்தைப் புனைய வேண்டாம். "கணக்கு எழுதத் தெரியும், சனிக்கிழமையும் வருவேன்" என்றால் போதும். விழுமியம் என்ற சொல்லே வேண்டாம்.