எலியின் தலையில் ஒரு மூட்டை

மும்பை மாட்டுங்காவில் மளிகைக் கிடங்கு ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் நண்பர், சென்ற ஞாயிறன்று வாடிய முகத்துடன் நம் இல்லத்திற்கு வந்தார்.

"மாசக் கடைசியில மூட்டை எண்ணினேன், அண்ணா. புழுங்கல்ல அஞ்சு குறையுது. மூணு கிளைக் கடைக்குப் போச்சு, எழுத மறந்துட்டேன். ஒண்ணு மழையில நனைஞ்சு மூலையில கிடக்கு. இன்னொண்ணை எலி தின்னிருக்கும். பச்சரிசியில ஒண்ணு கூட இருக்கு. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு. முதலாளி எழுதிக் கொடுங்கிறார். எப்படி எழுதறது?" என்றார்.

பேச்சில் உண்மையும் ஊகமும் கலந்திருந்தன. எலி இருபத்தைந்து கிலோவையும் தின்றாலும் சாக்கைத் தின்னாதே. கிழிந்த சாக்கு எங்கே என்று வினவினோம். நண்பர் விழித்தார். மேலும், ஒன்றின் மிகுதியை மற்றொன்றின் குறைவில் கழித்தல் ஆகாது; விலை வேறு, தவறும் மறைந்துபோகும். ஆகவே இருவரும் அமர்ந்து பின்வருமாறு எழுதினோம்:

"முதலாளி அவர்களுக்கு வணக்கம். 31ஆம் தேதி கடை மூடியபின் நானும் கடைப் பையனும் 25 கிலோ மூட்டைகளை எண்ணினோம்.

புழுங்கலரிசி: கணக்கில் 48, எண்ணியது 43, குறைவு 5.
பச்சரிசி: கணக்கில் 30, எண்ணியது 31, மிகுதி 1.

குறைந்த ஐந்தில் 3 மூட்டைகள் 24ஆம் தேதி கிளைக் கடைக்குச் சென்றன. பெற்றவர் கையெழுத்திட்ட சீட்டு இத்துடன் உள்ளது. பதிவேட்டில் ஏற்றாதது என் தவறு. 1 மூட்டை நனைந்தமையால் தனியே வைக்கப்பட்டு, எண்ணிக்கையில் சேரவில்லை. தாங்கள் பார்வையிட வேண்டுகிறேன். எஞ்சிய 1 மூட்டைக்குக் காரணம் உறுதியாகவில்லை. இருவகையும் ஒரே நிறச் சாக்கில் வருவதால், பச்சரிசிக்குப் பில் எழுதிப் புழுங்கலைக் கொடுத்திருக்கலாம் என ஐயுறுகிறேன், சான்று இல்லை. தங்கள் ஒப்புதல் வரும்வரை பதிவேட்டைத் திருத்தவில்லை."

'என் தவறு' என்னும் சொற்களை எழுத நண்பரின் கை தயங்கியது. வேலை போய்விடுமோ என்று அஞ்சினார். கையெழுத்திட்ட சீட்டு உடன் இருக்கையில் அது மறதி என்றே தெரியும். சீட்டை மறைத்து முதலாளியே பின்னர் கண்டுபிடித்தால்தான் களவு என்று தோன்றும் என்றோம். எழுதினார்.

முதலாளி படித்துவிட்டு, அம்மாதத்துப் பச்சரிசிப் பில்களை எடுக்கச் சொன்னாராம். மூட்டையாக வாங்கிய வீடுகள் நான்கே. மூன்றாவது வீட்டு மாமி, "பச்சரிசி கேட்டேன், புழுங்கல் வந்தது. இட்லிக்கு ஆகுமென்று வைத்துக்கொண்டேன்" என்றாராம். இப்பொழுது கிடங்கில் இருவகையும் வெவ்வேறு சுவரோரம் அடுக்கப்படுகின்றன. எலியென்று எழுதியிருந்தால் அடுத்த மாதமும் ஒரு மூட்டை மாறிப் போயிருக்கும்.