ஒலிப்பதிவு வேறு, கூட்டக் குறிப்பு வேறு

கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாதர் சங்கக் கூட்டம் நடந்தது. இரண்டு மணி நேரப் பேச்சைத் தொலைபேசி எழுத்தாக்கித் தந்தது. பதினான்கு பக்கம். "அதையே அச்செடுத்துக் கொடுத்தால் போதாதா?" என்று சிலர் கேட்டனர். போதாது என்பதே என் கருத்து.

முதலாவது, அந்த எழுத்தை நம்ப முடியாது. தோட்டத்துச் சொற்கள் கருவிக்குப் பழக்கமில்லை. அரை நாள் சம்பளத்தைக் குறிக்கும் "அரைப் பேர்", "யாரைப் பேர்" ஆகியிருந்தது. அதைவிட ஆபத்தானது ஓர் எழுத்துப் பிழை. ஒரு அக்கா, "நாளைக்கு வேலைக்குப் போகாம இருப்போமா?" என்று கேட்டார். எழுத்தில் "இருப்போம்" என்றிருந்தது. அப்படியே நிருவாகத்துக்குப் போயிருந்தால் கேள்வி வேலைநிறுத்தத் தீர்மானமாகியிருக்கும். ஒலியைத் திரும்பக் கேட்டபோதுதான், மற்றவர்கள் மறுத்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பியதும் தெரிந்தது. ஆகவே பெயர், தொகை, திகதி, தீர்மானம் ஆகிய நான்கையும் ஒலியோடு ஒப்பிட்டே எழுத வேண்டும்.

அடுத்தது ஒழுங்கு. பிள்ளைக்காம்பராக் கூரை ஒழுகுவதைப் பற்றி தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் பேசினார்கள். பேசிய வரிசையில் எழுதினால் வாசிப்பவர் தொலைந்து போவார். கூரை, கொழுந்துத் தராசு, அரைப் பேர் என மூன்று தலைப்பிட்டு, சிதறிய பேச்சை அவற்றின் கீழ் சேர்த்தோம். ஒவ்வொன்றிலும் பிரச்சினை, தீர்மானம், பொறுப்பாளர், முடிக்கும் நாள் மட்டும் இடம்பெற்றன. பதினான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமானது.

நடுநிலைமைதான் கடினம். "தராசுல களவு பண்றாங்க" என்றார் ஒருவர். அதை உண்மையாக எழுதினால் சங்கமே குற்றஞ்சாட்டியதாகிவிடும். "தராசு குறித்துக் கருத்துகள் பகிரப்பட்டன" என்று மழுப்பினால் முறைப்பாடே காணாமற் போகும். இப்படி எழுதினோம்:

"கொழுந்தின் எடை குறைத்துப் பதியப்படுவதாக மூன்று உறுப்பினர் தெரிவித்தனர். ஒரு வாரத்துக்கு ஒவ்வொருவரும் தமது எடையைக் குறித்து வைக்கத் தீர்மானிக்கப்பட்டது. பொறுப்பு: செயலாளர்."

சொன்னவர்களின் சூடு போயிற்று. சொன்ன விடயம் போகவில்லை. சூட்டைத் தணிக்கலாம், குறையைத் தணிக்கக் கூடாது.

நமது பாராளுமன்றத்திலும் பேச்சை முழுமையாகத் தருவது ஹன்சாட். நடவடிக்கைகளையும் முடிவுகளையும் தரும் கூட்டக் குறிப்பு தனியானது. ஒன்று மற்றதன் இடத்தை நிரப்பாது.

அடுத்த கூட்டத்தில் குறிப்பை வாசித்து, திருத்தம் கேட்டு, உறுதிப்படுத்தும் வரை ஒலிப்பதிவை அழிக்காதீர்கள். எழுத வாசிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு, தான் சொன்னது சரியாகப் பதிவானதா என்று அறிய அந்த வாசிப்பு ஒன்றே வழி.