என் பெயரை நான் மாற்றவில்லை

அய்யா,

பெயரை மாற்றிக்கொண்டவன் கெசட்டில் போடட்டும். நான் ஏன் போட வேண்டும்? வீராம்பட்டினத்தில் பிறந்த நாள் முதல் நான் ஏழுமலைதான். பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ELUMALAI என்றுதான் இருக்கிறது. வெல்டர் தேர்வுக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விண்ணப்பத்திலும் அப்படியேதான். உங்கள் சான்றிதழில் மட்டும் ELUMALI. அச்சில் விட்டுப்போன ஓர் எழுத்துக்கு என்னைக் குற்றவாளிபோல நிற்க வைக்கிறீர்களே, இது நியாயமா?

கெசட் இல்லையென்றால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் பத்திரம் எழுதி வா என்கிறீர்கள். எழுதிவிட்டால் ELUMALI என்பதும் என் பெயர்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். வேறு பெயர் உண்டா, எப்போதாவது பெயரை மாற்றியதுண்டா என்று பாஸ்போர்ட் விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள். உங்கள் பிழைக்காக ஆயுள் முழுக்க அந்தக் கேள்விகளுக்கு நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?

துபாயில் வேலை தருவதாகச் சொன்ன கம்பெனி சான்றிதழை அட்டஸ்டேஷன் செய்து கேட்கிறது. முதலில் இங்கே அரசு முத்திரை, பிறகு வெளியுறவு அமைச்சகம், அதன்பிறகு அந்த நாட்டுத் தூதரகம். பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் சான்றிதழில் வேறு பெயரும் இருந்தால் இவற்றில் எந்த இடத்திலும் திருப்பி அனுப்பலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்பாவின் படகு கரையில் கிடக்கிறது. வீட்டில் எல்லோரும் நம்பியிருப்பது இந்த ஒரு தாளைத்தான்.

பேனாவால் A சேர்த்து முத்திரை குத்தித் தருகிறோம் என்றும் சொன்னீர்கள். அது எனக்கு உதவாது. சான்றிதழில் உள்ள கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் உங்கள் கணினிப் பதிவில் உள்ள பெயர்தான் திரையில் வரும். தாளில் ELUMALAI, திரையில் ELUMALI என்று இருந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? நானே திருத்திய போலிச் சான்றிதழ் என்றுதானே?

நான் சலுகை கேட்கவில்லை. என் விண்ணப்பத்தை எடுத்துப் பாருங்கள். அதில் பெயர் சரியாக இருந்தால் பிழை உங்களுடையது. திருத்தக் கட்டணத்தை என்னிடம் கேட்காதீர்கள். முதலில் கணினிப் பதிவைத் திருத்துங்கள். பிறகு அதே பதிவெண், அதே தேர்வு மாதத்தோடு புதிய சான்றிதழ் கொடுங்கள். பழையதை ரத்து செய்ததாகப் பதிவேட்டில் குறியுங்கள். அசலை ஒப்படைக்கத் தயார். ஆனால் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் போட்ட ரசீது வேண்டும். அது இல்லாமல் அசலைக் கொடுத்துவிட்டால், நான் தேர்ச்சி பெற்றதற்கு என் கையில் ஓர் ஆதாரமும் இருக்காது.

நான் பற்றவைத்த ஒவ்வோர் இணைப்பையும் சோதித்துத்தான் தேர்ச்சி கொடுத்தீர்கள். அதில் ஓட்டை இருந்திருந்தால் என்னைத்தான் மறுபடி செய்யச் சொல்லியிருப்பீர்கள். இந்தப் பிழை நீங்கள் செய்தது. நீங்களே மறுபடி செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
ஏழுமலை
ELUMALAI