பாட்டிக்கு ஏன் ‘அவள்’?

கவுஞ்சியில் குளிர் இறங்கிவிட்டால் முழங்கால் வலி இல்லாத வீடு கிடையாது. போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் செல்போனைக் கொண்டுவந்து நீட்டினான். பாட்டியின் கால்வலிக்கு என்ன செய்யலாம் என்று சாட்பாட் எழுதிய பதில் அதில் இருந்தது. “தாத்தா, இது சரிதானா பாருங்க” என்றான். மருத்துவம் எனக்குத் தெரியாது. தமிழில் மட்டும் ஒரு குமாஸ்தாவின் கண் ஓடியது.

முதல் வரியில் பையனுக்கு ‘நீங்கள்’. மூன்றாவது வரியில் ‘ஒத்தடம் கொடு’. கடைசியில் மறுபடி ‘கவனியுங்கள்’. பாட்டிக்கோ ஆரம்பம் முதல் முடிவு வரை ‘அவள்’. எண்பதைத் தாண்டிய அந்த அம்மாளை இந்த ஊரில் யாரும் அப்படி எழுதமாட்டார்கள்.

இதை ஓய்வூதியர் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார். ஆரம்பத்திலேயே வயதைக் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். பதினெட்டுக்குக் கீழே ‘நீ’, அதற்கு மேல் ‘நீங்கள்’, அறுபதுக்கு மேல் ‘தாங்கள்’, கூடவே ஒரு ‘ஐயா’. நம் வயதுக்காரர்கள் பலருக்கும் இது இனிக்கும் என்று தெரியும். ஆனாலும் நான் ஒப்பமாட்டேன்.

வயதை வைத்துத் தமிழன் மரியாதை கொடுத்ததே இல்லை. பெற்ற தாயை ‘நீ’ என்கிறோம், அதே வீட்டில் அப்பாவை ‘நீங்க’ என்கிறோம். இருவருக்கும் ஐந்தாறு வயதுதான் வித்தியாசம். சாமியை ‘நீ’ என்கிறோம், சாமிக்கு வயது கேட்பாரில்லை. கொங்குப் பக்கம் போனால் சின்னப் பிள்ளையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்று கூப்பிடுகிற வீடுகள் உண்டு. யாழ்ப்பாணத்தார் நீக்கும் நீங்களுக்கும் நடுவில் ‘நீர்’ என்று ஒன்றை இன்னும் புழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எந்தப் பிறந்த தேதியிலிருந்து இதையெல்லாம் கணக்கிடுவது?

போகட்டும், உறவைப் பார்த்துச் சொல்லட்டும் என்பார்கள். உறவு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. நரைத்த தலையோடு மூட்டை தூக்கியவரைப் பத்து வயது மிராசுதார் மகன் ‘ஏண்டா, வாடா’ என்று கூப்பிட்டதும், அவர் அவனைச் ‘சாமி’ என்றதும் ஒரு உறவுதான். நம் தலைமுறை அதைக் கண்ணால் பார்த்தது. பழைய கதைகளிலும் திரைப்பட வசனங்களிலும் அது அப்படியே பதிவாகியும் இருக்கிறது. இந்த எந்திரங்கள் நாம் எழுதி வைத்ததைப் படித்துத்தான் தமிழ் கற்கின்றன. யாருக்கு எந்த விகுதி என்பதை ஆளைப் பார்த்து ஊகிக்கச் சொன்னால், டாக்டர் ‘வந்தார்’, பாத்திரம் கழுவும் அம்மா ‘வந்தாள்’ என்றுதான் முடியும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே ‘நீ’க்கு ‘த்யூ’, ‘நீங்கள்’ என்பதற்கு ‘வூ’. எங்கள் வாய்க்குத் ‘த்யூ’ வராது, ‘தூ’ என்றுதான் வரும். துப்புகிற சத்தம் என்று வகுப்பே சிரிக்கும், வாத்தியார் பிரம்பை எடுப்பார். 1793-ல் புரட்சிக்காரர்கள் குடிமக்கள் எல்லாரும் ஒருவரையொருவர் ‘த்யூ’ என்றே சொல்ல வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். அது எல்லாரையும் ஒரு படி இறக்கிச் சமம் செய்கிற வழி.

பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் மரியாதையாகவா, சகஜமாகவா என்று தேர்ந்துகொள்ளும் வசதியைச் சில மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அதே பொத்தானைத் தமிழுக்கு ஒட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் தமிழ் இலக்கணம் படித்தவர்கள் அல்ல. பிரெஞ்சில் மரியாதை முன்னிலையோடு முடிந்துவிடும். அரசனுக்கும் பிச்சைக்காரனுக்கும் படர்க்கையில் ‘இல்’ ஒன்றுதான். நமக்கு அங்கேயும் அவன், அவள், அவர் உண்டு. எதிரில் இருப்பவரை ‘நீங்கள்’ என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுப் பாட்டியை ‘அவள்’ என்றால், கொடுத்த மரியாதையை அடுத்த வரியிலேயே பிடுங்கிக்கொண்டது போலாகும்.

இன்னொரு சங்கடம், தமிழில் மரியாதை பெயர்ச்சொல்லில் இருப்பதைவிட வினை விகுதியில்தான் அதிகம். ‘நீங்கள்’ என்ற சொல்லைப் பாதி வாக்கியங்களில் நாம் எழுதுவதே இல்லை. ‘எப்போது வந்தீர்கள்’ என்றால் முடிந்தது. எந்திரமோ அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று கணக்குப் போட்டு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போகிறது. பெயர்ச்சொல் கண்ணில் படாத வரிகளில் விகுதி நழுவுகிறது. ஆகவே பதில் சரியா என்று பார்க்க விரும்புகிறவர்கள் வாக்கியத்தின் தலையைப் பார்க்க வேண்டாம், வாலைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கட்டளை வரிகளில்தான் முதலில் வழுக்கும்.

அலுவலகத்தில் எங்களுக்கு இதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. ‘கையொப்பமிடவும்’, ‘வரிசையில் நிற்கவும்’. இந்த ‘-வும்’ நீயும் சொல்லாது, நீங்களும் சொல்லாது. வீட்டிலும் உண்டு. புது மாப்பிள்ளையை எப்படி அழைப்பது என்று தெரியாத மைத்துனன் ‘சாப்பாடு ஆச்சா?’ என்பான். ‘பசிக்கிறதா’, ‘வலிக்கிறதா’, ‘புரிந்ததா’ எல்லாம் அப்படித்தான். எந்திரம் இவற்றைப் பயன்படுத்தட்டும், தப்பில்லை. ஆனால் பத்து வரியும் ‘-வும்’ என்று முடிந்தால் தாலுகா அலுவலகப் பலகை மாதிரி இருக்கும். அந்தப் பலகைகளை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பாட்டிக்கு ‘அவள்’ வந்த காரணத்தைப் பையனின் போனிலேயே கண்டேன். அவன் ஆங்கில எழுத்தில், பேசுகிற மாதிரியே தட்டியிருந்தான்: ‘paatti kaal valikkuthunu solluthu’. பாட்டி ‘சொல்லுது’. ‘பாட்டி வந்துச்சு’, ‘அம்மா தூங்குது’ என்று அஃறிணையில் சொல்வது நம் வீடுகளில் மரியாதைக் குறைவே அல்ல, அதில் செல்லம் இருக்கிறது. அந்தச் செல்லத்துக்கு அவன் பேரன் என்பதால் உரிமை உண்டு. அதைக் கேட்டுவிட்டு எந்திரமும் ஒருமைக்கு இறங்குவதற்கு அதற்கு யார் பாட்டி? உறவு அவனுடையது. எந்திரம் வீட்டு வாசலில் நிற்கிற வெளி ஆள். வெளி ஆள் திண்ணையோடு நிற்க வேண்டும்.

எனவே என் கட்சி இதுதான். தன்னிடம் பேசுகிற எவருக்கும் ‘நீங்கள்’. பேச்சில் வருகிற மனிதர் எவருக்கும் ‘அவர்’. பாட்டி, டாக்டர், மூட்டை தூக்குகிறவர் எல்லாருக்கும் அதுவே. புரட்சிக்காரர்கள் இறக்கிச் சமம் செய்யப் பார்த்தார்கள், நாம் ஏற்றிச் சமம் செய்வோம். ‘தாங்கள்’ வேண்டாம், அது மனுவோடு போகட்டும். ஒருவர் தானாகவே ‘என்னை நீ என்று சொல்’ என்றால் சொல்லட்டும்.

குழந்தைக்கும் ‘நீங்கள்’ என்றால் ஒட்டாதே என்றார் நண்பர். உண்மைதான், கொஞ்சம் ஒட்டாது. ஆனால் இந்த ஊரில் ஒரே போன் காலையில் பேரன் கையில், மதியம் பூண்டுத் தோட்டத்தில் மகன் கையில், ராத்திரி பாட்டி கையில் இருக்கிறது. வயதைப் பதிவு செய்தது பேரன். பத்து வயதுப் பையனை ‘நீங்கள்’ என்று தவறிச் சொன்னால் அவன் சிரிப்பான். பாட்டியை ‘நீ’ என்று தவறிச் சொன்னால் அவர் சிரிக்கமாட்டார், போனைக் கீழே வைத்துவிடுவார்.

ஒரே ஒரு இடத்தில்தான் எந்திரம் உறவைக் கேட்டாக வேண்டும். ஒருவர் சார்பில் இன்னொருவருக்குக் கடிதம் எழுதும்போது. திருப்பூரில் வேலை பார்க்கிற மகன் அம்மாவுக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னால், அங்கே பேசுவது எந்திரம் அல்ல, மகன். ‘தங்கள் உடல்நலம் எவ்வாறு உள்ளது’ என்று எழுதிக் கொடுத்தால், இவனுக்கு என்மேல் என்ன கோபம் என்று அந்த அம்மா கலங்குவார். அப்போதும் வயதைக் கேட்கத் தேவையில்லை. வீட்டில் அம்மாவை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டால் போதும்.

பையனின் போனில் ‘அவள்’ வந்த நாலு இடத்தையும் ‘அவர்’ என்று திருத்தி, ‘கொடு’ என்பதைக் ‘கொடுங்கள்’ ஆக்கிக் கொடுத்தேன். அவன் அதை வாங்கிப் பாட்டியிடம் உரக்கப் படித்துக் காட்டினான். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “யாருடா அந்த அவர்?” என்றார்.