மூடிய பாட்டிலுக்குள் நடந்தது யாருக்குத் தெரியும்?

ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் 1928 ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை மாலை. மே டோனஹியூ என்ற பெண் தோழியோடு ஒரு சிற்றுண்டிக் கடைக்குப் போனார். காசு கொடுத்தது தோழி. ஐஸ்கிரீம்மேல் கடைக்காரர் இஞ்சி பீரைக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். அடர்நிற பாட்டில் என்பதால் உள்ளே இருப்பது வெளியே தெரியவில்லை. டோனஹியூ கொஞ்சம் குடித்த பிறகு, மிச்சத்தைத் தோழி கோப்பையில் கவிழ்த்தார். அழுகிப்போன நத்தை ஒன்று மிதந்து வந்தது என்பது டோனஹியூவின் புகார். அதன்பின் குடலழற்சி, மருத்துவமனைச் சிகிச்சை.

யார்மீது வழக்குப் போடுவது? கடைக்காரரோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர் தோழி. டோனஹியூ எதையும் வாங்கவில்லை. பாட்டிலை நிரப்பி மூடிய டேவிட் ஸ்டீவன்சனோ, அதே ஊரில் தொழிற்சாலை வைத்திருந்தும் இந்தப் பெண்ணைப் பார்த்ததுகூடக் கிடையாது. ஒப்பந்தம் இல்லாதவருக்கு உற்பத்தியாளர் பொறுப்பில்லை என்பதுதான் அன்றைய பொது விதி. 1842இல் தபால் வண்டி உடைந்து காயப்பட்ட ஓட்டுநரின் வழக்கு இதே காரணத்தால் தள்ளுபடியானது. வண்டியைப் பராமரிக்க ஒப்புக்கொண்டவர் தபால் துறைத் தலைவருக்குத்தான் வாக்குக் கொடுத்திருந்தார், ஓட்டுநருக்கு அல்ல என்றது நீதிமன்றம்.

டோனஹியூவின் வழக்கறிஞர் வால்டர் லீச்மன், இஞ்சி பீரில் செத்த எலி கிடந்ததாகத் தொடுத்த வழக்கில் சில வாரங்களுக்கு முன்புதான் தோற்றிருந்தார். அந்தத் தீர்ப்பின் மை காய்வதற்குள் 1929 ஏப்ரலில், 500 பவுண்டு கேட்டு இந்த வழக்கைத் தொடுத்தார். வழக்கு பிரபுக்கள் சபைவரை போனது. தன் சொத்து 5 பவுண்டுகூடத் தேறாது என்று டோனஹியூ எழுதிக் கொடுத்து, ஏழை வழக்காளி என்ற சலுகையில்தான் அங்கே வாதாட முடிந்தது.

1932 மே 26 அன்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் வென்றார். என் செயலாலோ நான் செய்யத் தவறியதாலோ யார் நேரடியாகப் பாதிக்கப்படுவார் என்று நான் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்க வேண்டுமோ, அவர் சட்டத்தின் கண்ணில் என் அண்டை வீட்டார் என்றார் நீதிபதி லார்டு அட்கின். ஒரு படி இறங்கினால் ஐம்பது படி ஏன் இறங்கக் கூடாது என்று எதிர்த் தீர்ப்பு எழுதிய லார்டு பக்மாஸ்டர் கேட்டார். அண்டை வீட்டார் என்ற சொல் சட்டக் கல்லூரிகளில் இன்றும் ஒலிக்கிறது. ஆனால் நுகர்வோரைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பில் அதைவிடக் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று இருக்கிறது: பொருள் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியது முதல் கடைசியாகப் பயன்படுத்துபவரின் கைக்கு வரும்வரை, இடையில் யாரும் அதைப் பரிசோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு இருந்திருக்கக் கூடாது. பாட்டில் மூடியிருந்தது, கண்ணாடி இருண்டிருந்தது, கடைக்காரரால் உள்ளே எட்டிப் பார்த்திருக்க முடியாது. அப்படியானால் கவனமாக இருக்க முடிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் உற்பத்தியாளர்.

அந்த நத்தை உண்மையில் இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை. டோனஹியூ சொல்வது உண்மை என்று வைத்துக்கொண்டால் சட்டப்படி வழக்கு நிற்குமா என்பதை மட்டுமே பிரபுக்கள் சபை முடிவு செய்தது. சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே ஸ்டீவன்சன் இறந்துவிட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆகவே அடுத்த கேள்வி அப்படியே நின்றது. தொழிற்சாலைக்குள் யார், எந்த நாளில், என்ன தவறு செய்தார் என்பதை வெளியே நிற்கும் நுகர்வோர் எப்படி நிரூபிப்பார்?

முதல் நல்ல பதில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அடிலெய்டில் கிராண்ட் என்ற மருத்துவர் 1931இல் கம்பளி உள்ளாடை வாங்கி அணிந்தார். சில மணி நேரத்திலேயே அரிப்பு தொடங்கியது. தோல் அழற்சி முற்றி மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். கம்பளியைப் பதப்படுத்தும்போது சேரும் சல்பைட் ரசாயனம் முழுதாகக் கழுவப்படாமல் துணியில் தங்கியிருந்ததுதான் காரணம். இதே முறையில் 47 லட்சத்துக்கும் மேற்பட்ட உடைகளைத் தயாரித்திருக்கிறோம், வேறு புகாரே வந்ததில்லை என்றது நிறுவனம். பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. துணியில் மிகையான ரசாயனம் இருக்கிறது. அது தானாக வந்திருக்காது, யாரோ கழுவத் தவறியிருக்கிறார். அந்த யாரோ எவர் என்று கிராண்ட் சுட்டிக்காட்டத் தேவையில்லை, குறைபாட்டிலிருந்தே அலட்சியத்தை ஊகிக்கலாம் என்றது. அன்று இந்தியாவுக்கும் அதுவே உச்ச மேல்முறையீட்டு மன்றம்.

1938இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று இந்த வழியை விட்டு விலகியது. டேனியல்ஸ் என்பவர் மதுக்கடை ஒன்றில் எலுமிச்சை பானம் வாங்கிப்போய் மனைவியோடு குடித்தார். பாட்டிலில் கார்பாலிக் அமிலம் கலந்திருந்தது, இருவரும் நோயுற்றார்கள். பாட்டில் கழுவும் முறையையும் மேற்பார்வையையும் நிறுவனம் விவரித்தது. குறை சொல்ல முடியாத முறை என்று நீதிபதி ஏற்று, நிறுவனத்தை விடுவித்தார். எந்தத் தவறும் செய்யாத கடைக்காரப் பெண், விற்பனைச் சட்டப்படி கணவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. மனைவிக்கு ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை. பாட்டிலை வாங்கியது அவர் இல்லையே!

அந்தத் தீர்ப்பு தவறு என்றே நான் நினைக்கிறேன். கழுவும் முறை எவ்வளவு சிறந்ததோ, அமிலம் உள்ளே தங்கியதற்கு ஒரு தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்ற ஊகம் அவ்வளவு வலுக்க வேண்டும். தொழிலாளியின் தவறுக்கு முதலாளி பொறுப்பு. 1978இல் வேறொரு வழக்கில், சரியாக ஆணி அடிக்கப்படாத மரப்பெட்டிமேல் ஏறி நின்று விழுந்த லாரி ஓட்டுநருக்கு இழப்பீடு வழங்கிய நீதிபதி, டேனியல்ஸ் தீர்ப்பைப் பின்பற்ற மறுத்தார். ஆனாலும் அலட்சியம் என்பதை அளவுகோலாக வைத்திருக்கும்வரை, 'எங்கள் முறையில் குறையே இல்லை' என்ற வாதம் திரும்பத் திரும்ப வந்துகொண்டுதான் இருக்கும். அதனால்தான் பிரிட்டன் 1987இல் இயற்றிய சட்டம், உற்பத்தியாளர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பதை விட்டுவிட்டு, பொருளில் குறைபாடு இருந்ததா என்று கேட்கத் தொடங்கியது.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதே திசையில் வந்தது. தயாரிப்புப் பொறுப்புக்கென்று தனி அத்தியாயமே அதில் உண்டு. உற்பத்திக் குறைபாடு, வடிவமைப்புக் குறைபாடு, போதிய எச்சரிக்கை இல்லாமை போன்றவற்றில் ஒன்றைக் காட்டினால் உற்பத்தியாளர் பொறுப்பாவார் என்கிறது 84ஆம் பிரிவு. யார் அலட்சியமாக இருந்தார் என்று காட்டும்படி அது கேட்கவில்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்பதால், டோனஹியூவும் திருமதி டேனியல்ஸும் இன்று இங்கே வழக்குத் தொடுத்திருக்கலாம். எல்லையும் உண்டு. வெடித்த பொருளின் பக்கத்தில் சும்மா நடந்துபோன வழிப்போக்கர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். அவருக்கு சிவில் நீதிமன்றமும், 1932இல் பிறந்த அந்தப் பழைய விதியும்தான் துணை.

சட்டம் இவ்வளவு இறங்கி வந்த பிறகும் ஒரு சுமை நுகர்வோர் தோளில்தான் இருக்கிறது: குறைபாடு இருந்தது என்பதையும் அதனால்தான் பாதிப்பு வந்தது என்பதையும் அவரே காட்ட வேண்டும். பொருளின் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அனுப்புவதற்குப் பொருள் வேண்டுமே. புழு கிடந்த பாக்கெட்டைக் கண்டதும் அருவருப்பில் குப்பையில் வீசிவிடுகிறோம். தயவுசெய்து வீசாதீர்கள். மிச்சத்தை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மூடி, லேபிள், பேட்ச் எண், பில், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். திறக்காத இன்னொரு பாக்கெட் இருந்தால் திறக்காமலே வையுங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, 2 ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமலும் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது.