விடுதிக்கு வந்த பிள்ளைகளுக்கு ஒரு மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

சென்ற வாரம் நீங்கள் பெட்டி படுக்கைகளுடன் வந்திறங்கிய பொழுது உங்கள் அன்னையர் என்னிடம் கேட்ட வினாக்கள் பெரும்பாலும் உணவைப் பற்றியனவே. காலையிற் புட்டா இடியப்பமா, வெள்ளிக்கிழமை மரக்கறி தானா, இரவில் தேநீர் கிடைக்குமா என்றெல்லாம் கேட்டார்கள். குளியலறையைப் பற்றி ஒருவரும் கேட்டாரல்லர். மகளிர் விடுதிகளிலே நெடுங்காலம் வாழ்ந்தவள் நான். இங்கு மூளும் சண்டைகள் குசினியில் மூளுவதில்லை. குளியலறை வாசலிலும் உடுப்புக் கொடியடியிலுமே மூளுகின்றன. சண்டை இரண்டு நாளில் ஆறிவிடும். ஆறாத தீங்கொன்றும் அங்கே விளையக்கூடும் என்பதை நான் கண்ணாற் கண்டிருக்கிறேன். அதனை உங்களுக்குச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

முதலில் நமது தண்ணீரைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுங்கள். மலைநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த பிள்ளைகள், “இங்கே சவர்க்காரம் நுரைக்கவே இல்லையே!” என்று முதல் நாளே முறையிட்டார்கள். குற்றம் சவர்க்காரத்தினுடையதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல்லாலானது. மழைநீர் அக்கல்லினூடே ஊறி இறங்கும்போது அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு கிணற்றை வந்தடைகிறது. அந்த நீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெண்மையான ஒரு பசையாகிவிடுகிறது. அப்பசை தீர்ந்த பின்னரே நுரை எழும். வாளியின் உட்புறத்திற் படியும் சாம்பல்நிற வளையமும், வெள்ளைச் சட்டை மங்குவதும் அதனாலேயே.

சலவைத்தூள் இந்த நீரிலும் நன்றாக நுரைக்கும். ஆயினும் நுரை கண்ட மகிழ்ச்சியில் அள்ளி அள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போட்ட தூள் முழுவதையும் அலசி எடுக்க இரண்டு வாளி நீர் போதாது. எஞ்சிய தூள் துணியிலே தங்கி, காய்ந்த சட்டை கடதாசிபோல் விறைக்கும், தோலும் அரிக்கும். பெட்டியிற் குறித்த அளவைப் போட்டு, மூன்று முறை அலசுங்கள். சிவப்புப் பாவாடையையும் வெள்ளைச் சீருடையையும் ஒரே வாளியில் ஊறவிடாதீர்கள். சென்ற ஆண்டு ஆறு சீருடைகள் ரோசா நிறமாகிவிட்டன. குருதிக் கறை பட்ட துணியை உடனே குளிர்நீரில் அலசவேண்டும். வெந்நீர் பட்டால் அக்கறை நூலோடு இறுகிவிடும். மாதவிலக்கின்போது பயன்படுத்தும் பஞ்சுறைகளைக் கடதாசியிற் சுற்றி மூடியுள்ள தொட்டியில் இடுங்கள். அவற்றை மலசலகூடக் கோப்பையில் இட்டால் குழாய் அடைபடும். இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்.

மேலே சொன்ன அதே சுண்ணாம்புதான் மலசலகூடக் கோப்பையிலும் நாள்தோறும் படிகிறது. நீர் நிற்கும் விளிம்பிலே முதலில் மெல்லிய கோடாகத் தோன்றி, பின்னர் பழுப்பேறித் தடித்துவிடும். பார்ப்பவர்கள் அதனை அழுக்கு என்பார்கள். உண்மையில் அது கல். கல்லிலே அழுக்கும் நிறமும் ஏறியிருக்கின்றன, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை அறியாமையினாலேயே, சில ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பாக இருந்த வேறொரு விடுதியில் அந்த விபரீதம் நேர்ந்தது.

அன்று சனிக்கிழமை. மறுநாள் பெற்றோர் வரும் நாளாதலால் பிள்ளைகள் முறைவைத்துத் துப்புரவு செய்துகொண்டிருந்தார்கள். மலசலகூடத்தைக் கழுவும் முறை வந்த பிள்ளை நல்ல சுறுசுறுப்புக்காரி. கோப்பையிலிருந்த பழுப்புக் கோட்டைப் போக்கியே தீருவதென்று, கோப்பை கழுவும் அமிலத் திரவத்தை ஊற்றினாள். இரண்டு நிமிடம் தேய்த்தாள், கோடு போகவில்லை. அருகே தட்டில் வெளிற்றும் திரவம் இருந்தது. ஒன்று செய்யாததை இரண்டும் சேர்ந்து செய்யும் என்று எண்ணி அதையும் மேலே ஊற்றினாள். கோப்பை சளசளவென்று இரைந்தது. மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்து, நெடி வெளியே போய்ப் பிறரைத் தொந்தரவு செய்யாதிருக்கக் கதவையும் சாத்திக்கொண்டாள்.

அமிலத் திரவத்தில் இருப்பது பெரும்பாலும் ஐதரோக்குளோரிக் அமிலம். வெளிற்றும் திரவத்தில் இருப்பது சோடியம் ஐப்போகுளோரைற்று. இவ்விரண்டும் சேர்ந்தவுடன் குளோரீன் வாயு வெளிப்படும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், முதலாம் உலகப் போரின்போது, பெல்ஜியத்து ஈப்பர் நகரருகே ஜேர்மானியப் படைகள் எதிரிகள்மீது பரவவிட்ட நச்சுவாயு இதுவேதான். நமது கோப்பையில் எழுவது அளவிற் சிறிதே. ஆயினும் ஒரு சிறு பலகணி மட்டுமே உடைய, கதவு சாத்திய அறையில் அந்தச் சிறிதளவே போதும். நீச்சற் குளத்தருகே வீசும் நெடியைப் போன்று, ஆனால் அதனினும் பன்மடங்கு காரமாக, முதலில் மூக்கைக் குத்தும். கண் எரிந்து நீர் வடியும், தொண்டை இறுகும், பின்னர் நிற்காத இருமல் எழும். வாயுவின் நிறம் கண்ணுக்குத் தெரியவேண்டுமென்பதில்லை. அது காற்றைவிடக் கனமானது. ஆகையால் தரையோரமாகத் தங்கும். குந்தியிருந்து தேய்ப்பவளே அதனை மிகுதியாக உட்கொள்கிறாள்.

அந்தப் பிள்ளை இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்துவிட்டாள். அத்தோடு போயிருந்தால் பாதி நன்மை. அவளுடைய தோழி, “நான் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன்” என்று வாளியுடன் உள்ளே புகுந்தாள். அவளுக்குச் சிறுவயது முதலே தொய்வு நோய் உண்டு. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வாசற்படியில் அமர்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். இருவரையும் முற்றத்து மாமரத்தடிக்குக் கொண்டுசென்றோம். கண்களை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, நனைந்த உடுப்பை மாற்றி, ஆசுபத்திரிக்கு அனுப்பினோம். ஒட்சிசன் கொடுத்து இரவு முழுவதும் வைத்திருந்தார்கள். இருமல் நின்ற பின்னரும் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று வியந்தேன். இவ்வாயு நுரையீரலைத் தாக்கினால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். முதலில் ஊற்றியவள் மறுநாளே திரும்பிவிட்டாள். உதவப் போனவளுக்கு இருமல் தீர மூன்று வாரம் ஆயிற்று.

பிள்ளைகளை ஏசுவது எளிது. ஆனால் இரண்டு போத்தல்களையும் ஒரே தட்டில் அருகருகே வைத்தவள் நான். வெளிற்றும் திரவத்தைப் பெரிய கலனில் வாங்கி, சிறு போத்தலில் ஊற்றி, பெயர் எழுதாமல் வைத்தவளும் நானே. ஆகையால் இவ்விடுதியில் அமிலம் மலசலகூட அலுமாரியில் மட்டும் இருக்கும். வெளிற்றும் திரவம் என் அறையில், அது வந்த போத்தலிலேயே இருக்கும். வேண்டியவர்கள் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். அதனை வேறு போத்தலில் ஊற்றி அறைக்குக் கொண்டுசெல்லல் ஆகாது. தேசிக்காய்ப் புளியும் வினாகிரியும்கூட அமிலமே. அவற்றையும் அதனோடு கலவாதீர்கள். சிறுநீர் தேங்கிய கோப்பையில் ஊற்றினாலும் கண்ணைக் கரிக்கும் வேறு வாயுக்கள் எழும். எனவே முன்னதாக நீரூற்றிக் கழுவிவிடவேண்டும்.

அப்படியாயின் பழுப்புக் கோட்டைப் போக்குவது எப்படி? வெளிற்றும் திரவம் கல்லைக் கரைக்காது. அதன் நிறத்தை மட்டும் வெளுக்கும். இரண்டு நாளில் கோடு மீண்டும் பழுப்பாகிவிடும். கல்லைக் கரைக்கவல்லது அமிலமே. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். கோப்பையில் நீர் நின்றால் அமிலம் நீர்த்துப்போய் வலுவிழக்கும். ஆதலால் முதலில் தூரிகையால் நீரை உள்ளே தள்ளி மட்டத்தைக் குறையுங்கள். கையுறை அணிந்து, கதவையும் பலகணியையும் திறந்துவைத்து, அமிலத்தைக் கோட்டின்மேல் படும்படி ஊற்றி, அரைமணி நேரம் விட்டு வெளியே வந்துவிடுங்கள். பிறகு தேய்த்து, இரண்டு மூன்று வாளி நீர் ஊற்றுங்கள். பழைய கோடு ஒரே நாளிற் போகாது. அடுத்த வாரமும் செய்தால் மெலியும். சீமெந்துத் தரையில் அமிலத்தைச் சிந்தாதீர்கள். அங்கும் சுண்ணாம்பு உண்டாதலால் பொங்கித் தரையை அரித்துவிடும்.

வெளிற்றும் திரவத்துக்கும் தனி வேலை உண்டு. வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தவர் பயன்படுத்திய தரையையும் கைபிடிகளையும் கிருமி நீக்க அது நல்லது. நூற்றுக்கு ஐந்து வீத வலுவுடைய திரவமாயின், ஒரு லீற்றர் குளிர்நீருக்கு 20 மில்லிலீற்றர் போதும்; அஃதாவது ஏறக்குறைய நான்கு தேக்கரண்டி. முதலில் சவர்க்கார நீரால் அழுக்கைக் கழுவி அலசிய பின், இதனைப் பூசிப் பத்து நிமிடம் விடவேண்டும். அழுக்கின்மேல் ஊற்றினால் அதன் வலு அழுக்கிலேயே செலவாகிவிடும். கலந்த நீர் நாட்பட வலுவிழக்கும், அன்றன்று கலந்துகொள்ளுங்கள். பட்டிலும் கம்பளியிலும் இதனைப் படவிடாதீர்கள், துணியே நைந்துபோகும்.

இவ்வளவும் சொல்லியும் ஒருநாள் எவளேனும் கலந்துவிட்டால், செய்யவேண்டியது ஒன்றே: எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு உடனே வெளியேறுங்கள். நீரூற்றவோ போத்தலை எடுக்கவோ ஒருவரும் உள்ளே போகவேண்டாம். திறந்த வெளிக்குச் சென்று என்னைக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு இறுகினாலோ 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி வரும். என்னிடம் ஏச்சு விழுமே என்று அஞ்சி மறைக்காதீர்கள். தொய்வு உள்ள பிள்ளைகள் இப்போதே எனக்குச் சொல்லிவிடுங்கள். கோப்பை கழுவும் முறையிலிருந்து நீக்கி, முற்றம் கூட்டத் தும்புத்தடி தருகிறேன்.

கடைசியாக ஒன்று. கிணற்றடியில் ஒரு பச்சை வாளி புதன்கிழமை முதல் ஊறிக்கொண்டிருக்கிறது. உடையவள் யாரென்று எனக்குத் தெரியும். இன்று மாலைக்குள் அவள் அதனை எடுத்து அலசிக் கொடியில் போட்டுவிட்டால், பெயரைச் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் விடுதிப் பொறுப்பாளர்